நிற்கும்போதே திரும்புகிற வண்டி: கைரோ பயஸ், ஆக்சிலரோமீட்டர் ஆஃப்செட் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பாளையங்கோட்டையில் என் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பாதி, களக்காடு, சேரன்மகாதேவி பக்கத்து வாழைத் தோட்டங்களில் தாரும் உரமூட்டையும் சுமக்கிற சின்ன மின்வண்டிகள். வரிசைக்கு நடுவே புகுந்து, திரும்பாமல் நேராகப் போய், மறுமுனையில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. திசையைப் பிடித்து வைத்திருப்பது எம்.பி.யூ-6050 சில்லு உள்ள சின்ன நீலப் பலகை. திரும்பும் வேகத்தை அளக்க மூன்று அச்சுக்குக் கைரோ, சாய்வைச் சொல்ல மூன்று அச்சுக்கு ஆக்சிலரோமீட்டர், இரண்டும் அதற்குள்ளேயே.

வருகிற புகாரும் அநேகமாக ஒன்றேதான்: "வண்டி கோணலாப் போவுது." சக்கரத்தையும் மோட்டாரையும் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். கோளாறு பெரும்பாலும் வண்டி கிளம்புவதற்கு முந்தின இரண்டு விநாடியில் நடந்து முடிந்திருக்கும். ஆன் செய்ததும் நிரல் கைரோவைக் கொஞ்ச நேரம் படித்து, சராசரி எடுத்து, "அசையாமல் நிற்கும்போது இது இவ்வளவு காட்டுகிறது" என்று குறித்துக்கொள்கிறது. அதுதான் பயஸ். அந்த நேரத்தில் வண்டி அசைந்திருந்தால், அந்த அசைவும் பயஸுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

எவ்வளவு பிழையைத் தாங்கலாம் என்பதை முதலில் மனதில் வையுங்கள். 40 மீட்டர் வரிசை, விநாடிக்கு அரை மீட்டர் வேகம் என்றால் 80 விநாடி ஓட்டம். வாழை வரிசை ஆறடி இடைவெளி, வண்டி இரண்டடிக்குச் சற்று மேல் அகலம். பக்கத்துக்கு ஏறத்தாழ 55 சென்டிமீட்டர்தான் மிச்சம். பயஸில் விநாடிக்கு 0.02 பாகை பிழை இருந்தாலே வரிசை முடியும்போது அந்த 55 சென்டிமீட்டரும் தீர்ந்துவிடும். 0.05 பாகை என்றால் 25-வது மீட்டரிலேயே மரத்தில் உரசும். விலகல் நேரத்தின் வர்க்கமாக வளர்கிறது. அதனால் பட்டறையில் பத்தடி ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

±250 பாகை அளவில் இந்தச் சில்லு விநாடிக்கு ஒரு பாகைக்கு 131 எண்ணிக்கை தரும். ஆக, நாம் துரத்துகிற 0.02 பாகை என்பது மூன்று எண்ணிக்கைக்கும் குறைவு.

## எங்கிருந்து தொடங்குவது

வண்டியைத் தரையில் நிறுத்தி, மோட்டாரை அணைத்து, திசைக் கோணத்தை ஒரு நிமிடம் திரையில் பாருங்கள். யாரும் தொடக்கூடாது.

முதல் விநாடியிலிருந்தே சீராக ஒரு பக்கம் ஓடினால் முதல் அறிகுறிக்குப் போங்கள். ஆரம்பத்தில் நன்றாக நின்று, கால்மணி நேரம் கழித்து ஓடத் தொடங்கினால் இரண்டாவது. நிற்கும்போது சரி, ஓட்டத்தின் நடுவில் திடீரென்று கோணல் என்றால் மூன்றாவது. இம்மிகூட அசையாமல் ஒரே எண் நின்றால் நான்காவது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். திசை சரி, ஆனால் சாய்வுக் கோணம் பொய் சொல்கிறது என்றால் ஐந்தாவது.

## அறிகுறி 1: நிற்கிற வண்டியில் திசை சீராக ஓடுகிறது

வண்டியில் கை இருந்ததா? இதைத்தான் முதலில் கேட்பேன். செலவே இல்லாத காரணம், பத்தில் ஆறு வண்டிக்கு இதுதான்.

களக்காட்டு அண்ணாச்சி ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து சொன்னது: "நான் சுவிச்சு போட்டா மட்டும் எடது பக்கம் இழுக்கு தம்பி. எம் மவன் போட்டா நேரா போவுது. என்ன எழவுன்னே தெரியல."

மகன் கைப்பேசியிலிருந்து மறுதொடக்கம் செய்வார். அண்ணாச்சி வண்டியின் பின்பக்கம் வலது ஓரத்தில் இருக்கிற சுவிட்சை அழுத்துவார். இருவரையும் பத்துப் பத்துத் தடவை ஆன் செய்யச் சொல்லி, ஒவ்வொரு முறையும் நிரல் எடுத்த பயஸை எழுதினேன். மகன் போட்டபோது −172-க்கும் −169-க்கும் நடுவே. அண்ணாச்சி போட்டபோது −158, −147, −150 என்று, சராசரியில் 20 எண்ணிக்கை தள்ளி நின்றது. விநாடிக்கு 0.15 பாகை.

நடந்தது இதுதான். சுவிட்சை உள்ளே அழுத்தும்போது வால்பக்கம் இம்மியளவு இடதுபுறம் தள்ளப்படுகிறது. காற்றடித்த ரப்பர் சக்கரம் வளைந்துகொடுக்கும். வண்டி நகராது, முறுக்கிக்கொள்ளும். கையை எடுத்ததும் மெல்லத் திரும்பி வரும். அந்தத் திரும்பல் 0.3 பாகைதான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நிரல் சராசரி எடுத்த நேரம் 2 விநாடி. 0.3-ஐ 2-ஆல் வகுத்தால் 0.15. கணக்கு அப்படியே பொருந்தியது. வண்டி 15-வது மீட்டர் வாக்கில் இடதுபக்க வாழையில் உரசுகிறது என்று அவர் சொன்னதும் பொருந்தியது.

இந்த வகுத்தலை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். சராசரியில் ஏறுகிற பிழை, அந்த நேரத்துக்குள் வண்டி நிகரமாகத் திரும்பிய கோணத்தைச் சராசரி நேரத்தால் வகுத்தது. அதனால் மருந்தும் இரண்டே: சுவிட்ச் போட்டதும் 5 விநாடி சும்மா இருந்துவிட்டு அப்புறம் படிக்கத் தொடங்குவது, 2 விநாடிக்குப் பதில் 5 விநாடி சராசரி எடுப்பது. அண்ணாச்சி வண்டிக்கு நான் செய்தது இவ்வளவுதான். மறுபடி பத்துத் தடவை அவரையே போடச் சொன்னேன். பத்தும் மகனுடைய எண்களோடு வந்து சேர்ந்தன.

காற்றா, பக்கத்தில் மோட்டாரா? ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டை பக்கம் அடிக்கிற மேல்காற்றுக்கு, தார் ஏற்றிய வண்டி நின்ற இடத்திலேயே ஆடும். ஆடிவிட்டு அதே இடத்துக்கு வந்தால் நிகரத் திருப்பம் சிறியது, நீண்ட சராசரியில் கரைந்துவிடும். ஆனால் ஆன் செய்துவிட்டுத் தாரைத் தூக்கி வைத்தால், வண்டி ஒரு பக்கம் அமுங்கி அப்படியே நின்றுவிடும். அது கரையாது. தாரை ஏற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பம்புசெட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஆன் செய்கிற பழக்கத்தையும் விடுங்கள்.

நிரல் "முடியாது" என்று சொல்லத் தெரிந்ததா? எனக்கு வருகிற நிரல்களில் பெரும்பாலானவை எது வந்தாலும் சராசரி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. வண்டி அசைந்தால் பயஸை ஏற்க மறுத்து மறுபடி முயல வேண்டும். நான் போட்டுக்கொடுப்பது இது:

```cpp
bool stillBias(float &bias) {
  long s1 = 0, s2 = 0, lo = 40000, hi = -40000;
  for (int i = 0; i < 1000; i++) {
    long g = readGyroZ();
    if (i < 500) s1 += g; else s2 += g;
    if (g < lo) lo = g;
    if (g > hi) hi = g;
    delay(5);
  }
  if (hi == lo) return false;
  if (hi - lo > 80) return false;
  if (labs(s1 - s2) > 2000) return false;
  bias = (s1 + s2) / 1000.0;
  return true;
}
```

ஆயிரம் வாசிப்பு, 5 விநாடிக்குச் சற்று மேல். உள்வடிகட்டியை நடுத்தரமாக வைத்தால் (`0x1A` பதிவேட்டில் 2) அசையாத சில்லின் இரைச்சல் ஏறத்தாழ 0.05 பாகை, அதாவது ஆறேழு எண்ணிக்கை. ஆயிரம் வாசிப்பில் மேலுக்கும் கீழுக்கும் 40 சொச்சம் வித்தியாசம் வரும். எண்பதைத் தாண்டினால் யாரோ தொட்டிருக்கிறார்கள். அடுத்த வரிதான் அண்ணாச்சியின் கையைப் பிடிப்பது: முதல் பாதிச் சராசரியும் இரண்டாம் பாதிச் சராசரியும் நான்கு எண்ணிக்கைக்கு மேல் வேறுபட்டால் வண்டி இன்னும் அடங்கவில்லை.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. வண்டியை ஒருவர் ஒரே சீராக, மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் மூன்று சோதனையும் தாண்டிவிடும். அதற்கு, நேற்றைய பயஸைச் சேமித்து வைத்து, இன்று எடுத்தது அதிலிருந்து ஒரு பாகைக்கு மேல் விலகினால் மறுக்கச் சொல்லுங்கள்.

அளவுக் குழப்பம். எண்ணிக்கையில் எடுத்த பயஸை, பாகையாக மாற்றிய பிறகு கழிப்பது, ±500-க்கு மாற்றிவிட்டு 131-ஆலேயே வகுப்பது (அங்கே 65.5). பயஸை அச்சிட்டு, கழித்த பின் வருகிற எண்ணையும் பக்கத்தில் அச்சிட்டால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

சில்லே கெட்டதா? பயஸ் விநாடிக்கு 20 பாகை வரை இருப்பது இந்தச் சில்லுக்கு அனுமதிக்கப்பட்டதுதான். பெரிய எண் என்பதாலேயே தூக்கிப் போடாதீர்கள். ஒரே எண்ணாக நிலைத்து நிற்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரே வெப்பத்தில், கை படாமல், பத்துத் தொடக்கத்தில் 30, 40 எண்ணிக்கை அங்குமிங்கும் தாவினால் பலகையை மாற்றுங்கள். சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக இரண்டு நாள் உட்கார வேண்டாம்.

## அறிகுறி 2: ஆரம்பத்தில் சரி, போகப் போக ஓடுகிறது

வெயில்தான். சித்திரை வெயிலில் கறுப்புப் பெட்டிக்குள் சில்லை வைத்து வண்டியின் தலையில் பொருத்தியிருப்பார்கள். காலை ஏழு மணிக்கு எடுத்த பயஸ் பத்து மணிக்குப் பொருந்தாது.

சோதனை எளிது. சில்லுக்குள்ளேயே வெப்பமானி இருக்கிறது. `0x41`, `0x42` பதிவேடுகளைப் படித்து இப்படிப் பாகை செல்சியஸாக மாற்றலாம்:

```cpp
float t = raw / 340.0 + 36.53;
```

வண்டியை அசையாமல் வெயிலில் 20 நிமிடம் விட்டு, பத்து விநாடிக்கு ஒரு முறை வெப்பத்தையும் கைரோ சராசரியையும் பதிவுசெய்யுங்கள். ஒரு வண்டியில் 36-லிருந்து 49 பாகைக்குப் போவதற்குள் பயஸ் 20 எண்ணிக்கை நகர்ந்தது. இரண்டும் சேர்ந்து ஏறினால் காரணம் வெப்பம். வெப்பம் நிலையாக இருந்து பயஸ் மட்டும் அலைந்தால், முதல் அறிகுறியின் கடைசிப் பத்திக்குத் திரும்புங்கள்.

மலிவான மருந்து, பெட்டியைப் பாரத்தட்டுக்கு அடியில் நிழலுக்கு மாற்றுவது. மோட்டார் ஓட்டும் பலகைக்கு ஒட்டி வைக்காதீர்கள், அதுவும் சூடு. அடுத்தது, ஆன் செய்து ஐந்து நிமிடம் கழித்துப் பயஸ் எடுப்பது.

எனக்கு நம்பிக்கையான வழி வேறு. வண்டி ஒவ்வொரு வரிசை முனையிலும் எப்படியும் நிற்கிறது. அங்கே மோட்டாரை அணைத்து, 3 விநாடி அடங்கவிட்டு, மேலே உள்ள `stillBias` ஒரு முறை ஓடட்டும். தேறினால் புதுப் பயஸ், தேறாவிட்டால் பழையதே. 80 விநாடிக்குள் வெப்பம் எவ்வளவு மாறிவிடும்? வரிசைக்குப் பத்து விநாடிக்குள் செலவு, வெயில் பிரச்சினை முடிந்தது.

ஓடும்போதே பயஸை மெல்ல மெல்லத் திருத்திக்கொள்கிற நிரலைச் சிலர் போடுகிறார்கள். வாழைத் தோட்டத்துக்கு அது வேண்டாம். வண்டி நீளமாக ஒரு வளைவு எடுத்தால், அந்த வளைவையே பயஸ் என்று விழுங்கிவிடும்.

## அறிகுறி 3: ஓட்டத்தின் நடுவில் திடீரென்று கோணல்

வரப்பில் ஏறி இறங்கியதும், அல்லது பாரத்தோடு மோட்டார் திணறியதும், வண்டி சட்டென்று வேறு திசையைப் பிடித்துக்கொண்டு போகும். இந்த இடத்தில் மின்னழுத்தம் ஒரு கணம் விழுந்து கட்டுப்பாட்டுப் பலகை மறுதொடக்கம் ஆகிறது. மோட்டார் இன்னும் உருண்டுகொண்டிருக்க, நிரல் முதல் வரியிலிருந்து தொடங்கி, ஓடுகிற வண்டியில் பயஸ் எடுக்கிறது. திசையின் பூச்சியத்தையும் அந்த இடத்திலேயே புதிதாக வைத்துக்கொள்கிறது.

உறுதிசெய்ய, `setup()` உள்ளே ஒரு விளக்கை மூன்று முறை சிமிட்ட வையுங்கள். வயலில் ஓடும்போது அது சிமிட்டினால் சந்தேகமே இல்லை. இ.எஸ்.பி-32 பலகையாக இருந்தால் `esp_reset_reason()` காரணத்தையே சொல்லிவிடும். `ESP_RST_BROWNOUT` என்று வந்தால் மின்னழுத்தம் விழுந்திருக்கிறது.

சரிசெய்ய, முதலில் பேட்டரி முனைகளையும் கனெக்டரையும் இறுக்குங்கள். உப்புப் பூத்த முனையே பலமுறை காரணம். பிறகு கட்டுப்பாட்டுப் பலகைக்கு மோட்டார் வயரிலிருந்து கிளை எடுக்காமல், பேட்டரியிலிருந்தே தனி வயரும் தனி மின்னழுத்தக் குறைப்பானும் கொடுங்கள். நிரலிலும் ஒரு காவல் வேண்டும்: மின்னழுத்தம் விழுந்து மறுதொடக்கம் ஆனால், மோட்டாருக்கு ஆணை கொடுக்காமல் சிவப்பு விளக்கோடு நிற்கட்டும். பழைய பயஸ் சேமிப்பில் இருந்தாலும், எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தோம் என்பது அழிந்துவிட்டது. தொடர்ந்து ஓடவிடக் கூடாது.

## அறிகுறி 4: எண்ணே மாறுவதில்லை

கைரோ எண் எப்போதும் 0, அல்லது எப்போதும் −1. பழைய வகை நிரல் இதைப் பார்த்து "அருமையாக அசையாமல் நிற்கிறது" என்று தேர்ச்சி கொடுத்துவிடும். உண்மையான சில்லு இரைச்சல் இல்லாமல் இருக்கவே இருக்காது. மேலே நிரலில் `hi == lo` என்ற வரி அதற்குத்தான்.

பூச்சியம் என்றால் சில்லு தூங்குகிறது. மின்சாரம் வந்ததும் இது தூக்கத்தில்தான் இருக்கும். `0x6B` பதிவேட்டில் 0 எழுதினால் விழிக்கும். சில்லுக்கு மட்டும் ஒரு கணம் மின்சாரம் போய் வந்தாலும் மறுபடி தூங்கிவிடும், கட்டுப்பாட்டுப் பலகைக்கு அது தெரியாது. −1 என்றால் வயர் விட்டிருக்கிறது. `WHO_AM_I` என்ற `0x75` பதிவேட்டைப் படித்தால் `0x68` வர வேண்டும். செருகு வயர்களைப் பற்றவைத்து, சூட்டுப்பசை ஒரு சொட்டு விடுங்கள்.

## அறிகுறி 5: மட்டமான இடத்தில் நின்றும் சாய்வு காட்டுகிறது

வரப்பு ஏறும்போது பாரம் சரியாமல் இருக்க, சாய்வைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிற வண்டிகளுக்கு இந்தத் தொல்லை. சாய்வைச் சொல்வது ஆக்சிலரோமீட்டர்.

ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் வேறு வேறு பிழை என்றால், நிரல் தொடக்கத்தில் கைரோவோடு சேர்த்து ஆக்சிலரோமீட்டரையும் பூச்சியம் செய்கிறது. இதை எடுத்துவிடுங்கள். கைரோவுக்கு "அசையாமல் இரு" என்றால் போதும், எந்தச் சரிவில் நின்றாலும் சரி. ஆக்சிலரோமீட்டருக்கு அசையாமல் இருப்பதோடு தரை மட்டமாகவும் இருக்க வேண்டும். வயலில் மட்டம் எங்கே இருக்கிறது? ஒரு பாகை சரிவில் நிறுத்திப் பூச்சியம் செய்தால், 16384 எண்ணிக்கை ஒரு புவியீர்ப்பு என்கிற அளவில் 286 எண்ணிக்கை பொய்யாக ஆஃப்செட்டில் ஏறிவிடும். அன்று முழுவதும் அந்தச் சரிவு வண்டிக்கு மட்டமாகத் தெரியும்.

நேர்நிலையில் இருந்தும் கோணம் தாறுமாறாகத் தாவினால், மூன்று அச்சின் சராசரியையும் அப்படியே கழித்திருப்பார்கள். செங்குத்து அச்சில் புவியீர்ப்பு மிஞ்ச வேண்டும். அங்கே கழிக்க வேண்டியது சராசரியிலிருந்து 16384-ஐ நீக்கிய மிச்சம் மட்டுமே.

எப்போதும் ஒரே பிழை என்றால் பலகை கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கும், இல்லை சில்லின் சொந்த ஆஃப்செட். பிரித்துப் பார்க்காமலே அளக்கலாம். கொத்தனார் ரசமட்டத்தைச் சோதிக்கிற முறைதான்: வைத்துப் பார், திருப்பி வைத்துப் பார். வண்டியை ஓர் இடத்தில் கிழக்கு நோக்கி நிறுத்தி முன்பின் சாய்வைக் குறியுங்கள். சக்கரம் பதிந்த அதே தடத்தில் மேற்கு நோக்கித் திருப்பி நிறுத்திக் குறியுங்கள். ஒரு வண்டியில் +3.4 பாகையும் +0.8 பாகையும் வந்தன. இரண்டின் சராசரி 2.1, அது வண்டியின் பிழை. வித்தியாசத்தில் பாதி 1.3, அது தரையின் சரிவு. 2.1-ஐ நிரலில் கழித்ததும் வேலை முடிந்தது. தரை மட்டமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதால் எனக்கு இந்த முறைமேல் தனிப் பிரியம்.

கொஞ்சம் கூடத் துல்லியம் வேண்டுமென்றால், பலகையைக் கழற்றி ஒரு சதுரக் கட்டையில் திருகி ஆறு முகத்திலும் வைத்துப் படியுங்கள். மேல்நோக்கி 16900, தலைகீழாக −15500 என்றால் கூட்டிப் பாதி 700, அது ஆஃப்செட். கழித்துப் பாதி 16200. அதுதான் அந்த அச்சின் உண்மையான ஒரு புவியீர்ப்பு. இதை ஒரு முறை செய்து நிலைநினைவில் எழுதிவைத்தால், பலகையை மாற்றும்வரை தொட வேண்டாம். பிறகு வண்டியில் பொருத்தி, திருப்பி நிறுத்தும் சோதனையை மட்டும் ஒரு முறை செய்யுங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

இரண்டாவது பலகை போட்ட பின்னும் அதே அறிகுறி வந்தால், கோளாறு வயரிங்கிலோ நிரலிலோ இருக்கிறது. மூன்றாவது பலகை வாங்காதீர்கள். மின்னழுத்தம் விழுவதற்குக் காரணம் லித்தியம் பேட்டரிக்குள் என்று தெரிந்தால், பேட்டரியை நீங்கள் பிரிக்கவே கூடாது, அதற்குத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். வரிசை 100 மீட்டருக்கு மேல், நடுவில் நிற்க வழியில்லை என்றாலும் கேளுங்கள். கைரோவை மட்டும் நம்பி அவ்வளவு தூரம் நேர்கோடு பிடிப்பது இந்தச் சில்லால் ஆகாத காரியம்; சக்கர எண்ணியோ, செயற்கைக்கோள் இடங்காட்டியோ சேர்க்க வேண்டியிருக்கும், அதற்குச் செலவு பல மடங்கு.

வரும்போது வண்டியோடு ஒரு தாளும் கொண்டுவாருங்கள். பத்துத் தொடக்கத்தின் பயஸ், ஒவ்வொன்றுக்கும் சில்லின் வெப்பம், யார் சுவிட்ச் போட்டது, வண்டி எந்தப் பக்கம் விலகியது, எத்தனையாவது மீட்டரில் உரசியது. அந்தத் தாள் இருந்தால் பெட்டியைத் திறக்காமலே பாதி வழி போய்விடலாம்.